லேப்டாப் எந்தத் தேதியில் கைக்கு வரும்?

மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து வாரத்துக்கு 700 ரூபாய் வருகிறது. டீ, பஸ், ஜெராக்ஸ் போக 400 மிச்சம் பிடிக்கலாம் என்பது அவள் கணக்கு. அவள் பார்த்து வைத்திருக்கும் லேப்டாப் 36,500 ரூபாய். பையும் மவுஸும் சேர்த்தால் 38,000. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மாமா, சித்தி கொடுத்ததில் 8,000 கையிருப்பு. ஆக, சேர்க்க வேண்டியது 30,000.

30,000ஐ 400ஆல் வகுத்தால் 75 வாரம். 2026 ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை முதல் தவணையைப் போடுகிறாள் என்றால், 75ஆவது தவணை எந்த நாளில் விழும்? இங்கே பலர் ஒரு வாரம் தவறவிடுவார்கள். முதல் தவணை தொடங்கும் நாளிலேயே போய்விடுவதால், அதற்குப் பிறகு 74 வாரம்தான் பாக்கி. 74ஐ 7ஆல் பெருக்கினால் 518 நாள். எண்ணிப் பார்த்தால் 2027 ஜூன் 6. விரிதாளில் போடுவதானால், விலையை B1இலும், கையிருப்பை B2இலும், வாரச் சேமிப்பை B3இலும், தொடங்கும் தேதியை B4இலும் எழுதி, வேறொரு கட்டத்தில் இதைத் தட்டினால் போதும். விடை ஏதோ ஓர் எண்ணாகத் தெரிந்தால், அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

```
=B4+(ROUNDUP((B1-B2)/B3,0)-1)*7
```

கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தத் தேதியை நான் நம்பமாட்டேன். 400 என்பது அவள் சேமிக்க நினைக்கும் தொகை. சேமித்த தொகை அல்ல. எட்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் இப்படி இருக்கலாம்: 400, 400, 150, 400, 0, 400, 350, 300. ஒரு வாரம் தோழியின் பிறந்தநாள், ஒரு வாரம் ரெக்கார்டு நோட்டுச் செலவு. எட்டையும் கூட்டினால் 2,400. சராசரி 300தான். ஆரம்பத்திலேயே 300 என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் 100 வாரம் ஆகியிருக்கும். தேதி 2027 நவம்பர் 28. ஜூனில் வருமென்று நினைத்தது ஏறக்குறைய ஆறு மாதம் தள்ளிப்போகிறது! பூஜ்யம் விழுந்த வாரத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிடத்தான் மனம் சொல்லும். அதையும் சேர்த்து வகுத்தால்தான் சராசரி உண்மையாக இருக்கும்.

ஒருமுறை போட்ட தேதியை அப்படியே விட்டுவிடவும் கூடாது. இருபதாவது தவணை 2026 மே 17இல் வருகிறது. அதுவரை சேர்ந்தது 6,200 என்று வைத்துக்கொண்டால் சராசரி 310, பாக்கி 23,800. வகுத்தால் 76.8, முழு வாரமாக 77. இப்போது தேதி 2027 நவம்பர் 7. இந்த முறை ஒன்றைக் கழிக்கத் தேவையில்லை, ஏனென்றால் அன்றைய தவணையைத்தான் ஏற்கெனவே போட்டாயிற்றே. விலையையும் அன்றைக்கே கடையில் கேட்டுக்கொள்ள வேண்டும். விலை 2,000 ஏறியிருந்தால் இன்னும் ஏழு வாரம் கூடும்.

வட்டியை இதில் சேர்க்க வேண்டாம். ஆண்டுக்கு 3 சதவீதம் கிடைத்தாலும் இந்தச் சிறுதொகைக்கு மொத்தத்தில் சில வாரச் சேமிப்பு அளவுக்குத்தான் வரும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுத் திட்டம் என்பதால் இதற்குப் பொருந்தாது. பணத்தை ஜிபேயுடன் இணைக்காத தனிக் கணக்கில் போட்டு வைப்பதே வட்டியைவிடப் பெரிய லாபம்.

நவம்பர் வரை காத்திருக்க முடியாது, படிப்புக்கு அதற்கு முன்பே வேண்டும் என்றால் என்ன செய்வது? வாரத் தொகையைக் கூட்டுவது கடினம். 300 சேமிக்கத் திணறுபவள் 400 சேமிப்பாள் என்று எழுதி வைப்பதில் பயனில்லை. விலையைக் குறைப்பதுதான் வழி. பழுதுபார்த்து விற்கப்படும் ரீஃபர்பிஷ்டு லேப்டாப் ஒன்று, பையும் மவுஸும் சேர்த்து 26,000க்குக் கிடைக்கிறது என்போம். சேர்க்க வேண்டியது 18,000. வாரம் 300 வீதம் 60 வாரம். தேதி 2027 பிப்ரவரி 21. புதியதற்குக் காத்திருப்பதைவிட ஒன்பது மாதம் முந்திவிடும்.

அதில் ஆபத்தும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறைக்கு முந்தையதாக இருந்தால், பெரும்பாலும் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. கடையிலேயே கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து `powercfg /batteryreport` என்று தட்டச் சொல்லுங்கள். வரும் அறிக்கையில் Design Capacity, Full Charge Capacity என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே இருந்தால், புது பேட்டரியின் விலையையும் B1இல் கூட்டிவிட்டுத் தேதியை மறுபடி பாருங்கள். கடைக்காரர் அந்த அறிக்கையைக் காட்ட மறுத்தால் அந்த லேப்டாப் வேண்டாம்.