பயிற்சிக் கட்டணம் வேறு, வேலைக்கான கட்டணம் வேறு

'ஜெர்மனியில் நர்ஸ் வேலை, 100% வேலை உறுதி, பயிற்சியும் நாங்களே தருகிறோம்.' பேருந்து நிலையச் சுவர்களிலும் நாளிதழின் வரி விளம்பரங்களிலும் இந்த வாசகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதே நிறுவனம் உண்மையை மட்டும் அச்சிட நினைத்தால் விளம்பரம் எப்படி இருக்கும்?

முதல் வரி தகுதியைப் பற்றியதாக இருக்கும். ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள்தான் செவிலியர்களாக வெளிநாடு போக முடியும். ஆறு மாத 'நர்சிங் அசிஸ்டென்ட்' படிப்பின் சான்றிதழை எந்தக் கவுன்சிலும் பதிவு செய்யாது. அந்தப் படிப்பில் ஆள் சேர்த்துக்கொண்டு வெளிநாட்டுச் செவிலியர் வேலையைக் காட்டும் விளம்பரம் முதல் வரியிலேயே பொய் சொல்கிறது.

அடுத்தது பணம். இங்கேதான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. மொழி கற்றுக்கொடுக்க வாங்குவது பயிற்சிக் கட்டணம். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வெளிநாட்டு மருத்துவமனைக்கு ஆள் எடுத்து அனுப்புவது வேறு தொழில். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அதற்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற முகவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு ரசீதும் தர வேண்டும். 'எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம், விசா வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்பவர்கள், வாங்கக் கூடாத தொகையை 'பயிற்சி' என்ற பெயருக்குள் ஒளித்து வைத்திருக்கலாம். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொன்னால் தெரிந்துவிடும். உரிம எண்ணை விளம்பரத்திலேயே போட வேண்டும். emigrate.gov.in தளத்தில் அந்த உரிமம் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். உரிமம் இல்லாத பயிற்சி மையம் ஜெர்மன் கற்றுத் தரலாம், வேலைக்கு உறுதி தர அதற்கு உரிமை இல்லை.

காலத்தையும் விளம்பரம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெற பொதுவாக பி2 நிலை வரை மொழி தெரிந்திருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து அந்த நிலையை எட்ட 600 முதல் 800 பாடவேளைகள் ஆகும் என்கிறது கோத்தே நிறுவனம். ஒரு பாடவேளை 45 நிமிடம். நாளொன்றுக்கு நான்கு, வாரம் ஐந்து நாள் என்று படித்தால் ஏழு முதல் ஒன்பது மாதம் ஓடிவிடும். அவர்கள் நடத்தும் பி2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 60 மதிப்பெண் வேண்டும். ஒரு பகுதியில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம், ஆனால் அதற்கும் கட்டணம் உண்டு. ஆக, விடுதிச் செலவு, தேர்வுக் கட்டணம், இடையில் வேலையை விட்டதால் இழக்கும் சம்பளம் எல்லாம் கணக்கில் வர வேண்டும். 'மூன்றே மாதத்தில் ஜெர்மனி' என்பவரின் கணக்கில் இவை எதுவும் இல்லை.

வேலை கிடைத்தவர்களின் விகிதத்தைச் சொல்வதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு: 40 பேர் சேர்ந்தார்கள், 24 பேர் பி2 தேறினார்கள், 18 பேர் விமானம் ஏறினார்கள். தேறியவர்களை வைத்துக் கணக்கிட்டால் 75%. சேர்ந்தவர்களை வைத்தால் 45%. இரண்டும் பொய்யல்ல. ஆனால் பணம் கட்டப்போகும் பெண்ணுக்கு வேண்டியது இரண்டாவது எண்தான், ஏனென்றால் இன்று அவர் சேரப்போகும் 40 பேரில் ஒருவர்.

சம்பளமும் அப்படித்தான். விளம்பரத்தில் போடுவது வரியும் சமூகக் காப்பீடும் பிடிக்கும் முன் உள்ள தொகை. தனியாக இருப்பவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அங்கீகாரத்துக்கான தேர்வோ தழுவல் பயிற்சியோ முடியும்வரை உதவியாளராகவே வேலை பார்க்க வேண்டியிருக்கும், அதுவரை சம்பளமும் குறைவு.

செலவில்லாத வழியும் உண்டு. ஜெர்மன் அரசு அமைப்புகள் கேரளத்தின் நோர்க்காவோடு நடத்தும் 'டிரிபிள் வின்' திட்டத்தில் செவிலியர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களை அனுப்புகிறது. தனியாரிடம் போகும் முன் அங்கே கேட்பது நல்லது.

பணம் கட்டும் நாளில் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பி2 தேறியும் வேலை வராவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளில்? வேலையில் சேர்ந்து பாதியில் விலகினால் யாருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? அசல் சான்றிதழ்களையும் கவுன்சில் பதிவுச் சான்றையும் 'பத்திரமாக வைத்திருக்கிறோம்' என்று யாராவது கேட்டால் நகலை மட்டும் கொடுங்கள். அசல் அவர்கள் அலமாரியில் இருக்கும்வரை நீங்கள் வேறு எங்கும் விண்ணப்பிக்க முடியாது.