மேலே உயிர், கீழே மெய்

ஹேங்மேன் விளையாட்டு பெரும்பாலான பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருவர் ஒரு சொல்லை மனத்தில் நினைத்துக்கொண்டு எழுத்துக்கு ஒரு கோடு போடுவார். மற்றவர்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்பார்கள். கேட்டது சொல்லில் இருந்தால் கோட்டின் மேல் எழுதுவார். இல்லாவிட்டால் தூக்குமரத்தில் தொங்கும் ஆளுக்குத் தலை, உடல், கை, கால் என்று ஓர் உறுப்பு கூடும். ஆறாவது தப்பில் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆங்கிலத்தில் கேட்க 26 எழுத்துகள்தான். தமிழில் இதை அப்படியே ஆடினால் கேட்பவர் முன்னால் 247 எழுத்துகள் நிற்கும். ‘கா’ இருக்கிறதா, ‘கி’ இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனால், சொல்லில் ‘கூ’ இருந்தாலும் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆறு தப்பும் ஒரே மூச்சில் தீர்ந்துவிடும். உயிர்மெய்யைப் பிரித்துக் கேட்பதுதான் இதற்கு வழி. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம்: மொத்தம் 31. ஏறக்குறைய ஆங்கிலத்தின் அளவுக்கே ஆட்டம் வந்துவிடுகிறது.

பலகையில் கோட்டுக்குப் பதிலாக எழுத்துக்கு ஒரு கட்டம் போட்டு, அதைக் குறுக்கே இரண்டாக்க வேண்டும். மேல் அறை உயிருக்கு, கீழ் அறை மெய்க்கு. தனி மெய் வரும் இடத்தில் மேல் அறையை அடைத்துப் புள்ளி வைத்துவிடலாம். சொல் உயிரில் தொடங்கினால் முதல் கட்டத்தின் கீழ் அறையை அடைத்துவிட வேண்டும்.

இங்கே பலர் சறுக்குவது ‘அ’ விஷயத்தில். ‘க’ என்று எழுதும்போது ‘அ’வுக்குத் தனிக் குறி கிடையாது. அதனால் ‘க’வுக்கு மேல் அறை வேண்டாம் என்று தோன்றும். அப்படி விட்டால், மேல் அறையும் இல்லை, புள்ளியும் இல்லை என்பதைப் பார்த்ததுமே அங்கே அகரம்தான் என்று எல்லாரும் கண்டுகொள்வார்கள். குறி இல்லாவிட்டாலும் ஒலி இருக்கிறது. ஆகவே அகரத்துக்கும் மேல் அறை கட்டாயம். கேட்டால்தான் திறக்க வேண்டும்.

மேல் அறையில் காலையும் கொம்பையும் எழுதாமல் ஆ, எ, ஒ என்று உயிரையே எழுதுவது நல்லது. உகரக் குறியை நினைத்துப் பாருங்கள்: கு, து, பு, மூன்றிலும் அது மூன்று விதமாக வளைகிறது. மெய் தெரியாமல் அந்தக் குறியை மட்டும் எப்படி வரைவது? இரண்டு அறையும் திறந்தபின் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.

ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். சொல் ‘வாழைப்பழம்’. ஆறு கட்டங்கள், மூன்றாவதிலும் ஆறாவதிலும் புள்ளி. முதலில் ஒருவர் ‘அ’ கேட்கிறார். நான்காவது, ஐந்தாவது கட்டங்களின் மேல் அறைகள் திறக்கின்றன. கடைசிக் கட்டத்தில் புள்ளி இருக்கிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அங்கே அதிகம் வருபவை ம், ன், ல், ர், ள் போன்றவைதான். ‘ம்’ கேட்டதும் கடைசிக் கட்டம் திறக்கிறது.

மூன்றாவது கட்டத்தின் புள்ளி இன்னும் நிறையச் சொல்லும். க், ச், த், ப் ஆகிய நான்கும் தமிழ்ச் சொல்லுக்குள் தம்மோடு மட்டுமே சேரும் என்பது இலக்கணம். ‘சக்தி’ போல வெளியிலிருந்து வந்த சொற்கள்தான் விலக்கு. அப்படியானால் மூன்றாவது கட்டத்தில் வல்லினம் இருந்தால் பெரும்பாலும் நான்காவதும் கூடவே திறக்கும். ‘க்’ கேட்கிறார்கள்: இல்லை, தலை விழுகிறது. ‘ப்’ கேட்கிறார்கள்: இரண்டும் திறக்கின்றன. அடுத்து ‘ஆ’, முதல் கட்டத்தின் மேல் அறை திறக்கிறது.

இப்போது பலகையின் பின்பாதியில் ‘ப்ப-ம்’ என்று தெரிகிறது. இடையில் அகரம் ஏறிய ஏதோ ஒரு மெய். படமா, பலமா, பயமா, பழமா? ‘ட்’ கேட்டு ஒரு தப்பு. ‘பளம்’ என்று பேசிப் பழகிய ஒருவர் ‘ள்’ கேட்டு இன்னொரு தப்பு. ‘ழ்’ கேட்டதும் இரண்டாவது, ஐந்தாவது கட்டங்களின் கீழ் அறைகள் ஒன்றாகத் திறக்கின்றன. ‘வ்’வும் ‘ஐ’யும் கேட்கப்படாமலே சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள். மூன்று தப்போடு ஆள் பிழைத்துக்கொள்கிறார்.

எழுத்தை முழுசாகக் கேட்டிருந்தால் ‘ழை’யும் ‘ழ’வும் ஒரே வீச்சில் திறந்திருக்காது. ‘ப்’பும் ‘ப’வும் அப்படித்தான். உறவுள்ள எழுத்துகள் ஒன்றாக விழிப்பதில்தான் இந்த ஆட்டத்தின் சுவை இருக்கிறது என்பேன்.

வாய்விட்டுக் கேட்கும்போது ல், ள், ழ் மூன்றும், ர், ற் இரண்டும், ந், ண், ன் மூன்றும் குழம்பும். வகுப்பில் சொல்வதுபோல சிறப்பு ழகரம், வல்லின றகரம், டண்ணகரம் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். எழுத்து அட்டவணையில் விரல் வைத்துக் காட்டச் சொன்னால் சண்டையே வராது. ஜ், ஷ், ஸ், ஹ் வரும் சொற்களை எடுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது உத்தமம்.

கணினியில் இந்த விளையாட்டை எழுதுபவர்களுக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. யூனிகோடும் உயிர்மெய்யை இரண்டாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அது ஒலியைப் பிரிப்பதில்லை, உருவைப் பிரிக்கிறது. பைத்தானில் ஆட்டையும் மாட்டையும் பிரித்துப் பாருங்கள்:

```
>>> list("ஆடு")
['ஆ', 'ட', 'ு']
>>> list("மாடு")
['ம', 'ா', 'ட', 'ு']
```

நமக்கு இரண்டிலும் இருப்பது ஒரே ஆகாரம். கணினிக்கு ‘ஆ’ வேறு, கால் வேறு. இதை வைத்தே ஆட்டம் அமைத்தால், ‘மாடு’ என்ற சொல்லுக்கு ‘ஆ’ கேட்பவர் தப்பு வாங்குவார். அகரம் எந்த உயிர்மெய்யிலும் அகப்படாது. புள்ளியும் கேட்கவேண்டிய ஓர் எழுத்தாகிவிடும். நிறையச் சொற்களில் மெய் இருப்பதால் அது இனாமாகக் கிடைக்கும் வெற்றி.

சரியாகப் பிரிக்க ஒரு சின்ன விதி போதும். ககரம் முதல் னகரம் வரை ஓர் எழுத்து வந்தால் அடுத்து என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். புள்ளி என்றால் தனி மெய். குறி என்றால் மெய்யோடு அந்தக் குறிக்குரிய உயிர். இரண்டும் இல்லையென்றால் மெய்யோடு ‘அ’. இதற்கு முன் `unicodedata.normalize("NFC", சொல்)` என்று ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். ஏனென்றால் ‘கொ’வை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். இந்த வரி இரண்டையும் ஒரே குறியாக்கிவிடும்.

அந்த வரியாலும் திருத்த முடியாத பிழை ஒன்று உண்டு. ‘கௌ’ என்று அடிக்கவேண்டிய இடத்தில் பலர் ‘கெ’ அடித்து ‘ள’வைச் சேர்த்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதே இல்லை. ‘கௌதாரி’யில் ஔகாரம் போய் எகரமும் ளகரமும் வந்து உட்கார்ந்துகொள்ளும், ‘ஔ’ கேட்டவர் தப்பு வாங்குவார். கட்டங்களை எண்ணினால் பிழை பிடிபடும்: கௌதாரிக்கு மூன்று கட்டங்கள், நான்கு வந்திருந்தால் சொற்பட்டியலில் அந்த ‘ள’வை எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும்.