சிங்க்கில் கிடந்த குக்கர்

வேளச்சேரியில் நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: "யாருக்குமே பொறுப்பு இல்லையா? நான் மட்டும்தான் கழுவணுமா?" கூடவே சாம்பார் காய்ந்துபோன குக்கரின் படம். அதில் சமைத்தவர் பதிலே போடவில்லை. மற்ற இருவரும் இது தங்களுக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள். காலையிலும் குக்கர் அங்கேயே கிடந்தது.

"நான் மட்டும்தான்" என்பதுதான் சண்டையை மூட்டுகிறது. 1979இல் ராஸ், சிக்கோலி என்ற உளவியலாளர்கள், வீட்டு வேலையில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தம்பதிகளிடம் தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலோரிடம் இரண்டு பங்கையும் கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. நாம் தேய்த்த தட்டு நமக்கு நினைவிருக்கிறது. அடுத்தவர் தேய்த்ததை நாம் பார்ப்பதே இல்லை.

அதே செய்தியை மறுநாள் மாலை இப்படிப் போட்டிருக்கலாம்:

"மக்களே, சிங்க் நிரம்பியிருக்கு, காலையில டிபன் செய்ய இடமில்லை. சாப்பிட்ட தட்டை அன்னைக்கு ராத்திரியே அவங்கவங்க கழுவிடலாமா? குக்கர், கடாய்க்கு முறை வெச்சுக்கலாம். எனக்கு திங்கள், வியாழன் சரி. உங்களுக்கு எந்த நாள்?"

இதில் குற்றவாளி இல்லை. கண்ணுக்குத் தெரியும் நிலைமை, அதனால் வரும் சிரமம், பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. கேட்பவர் தன் பங்கை முதலில் சொல்லிவிடுவதால் அது கட்டளையாகவும் ஒலிக்காது. படம் வேண்டாம், பாத்திரமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே ஒருவர்தான் தொடர்ந்து தவறுகிறார் என்றால், குழுவில் பொதுவாகச் சொல்லாதீர்கள். அவரிடம் தனியாக, நேரில் பேசுங்கள்.