இரவுக் காட்சியில் முகம் ஏன் வெளுத்துப்போகிறது?

பகலில் தெருவில் போகும் வண்டியின் நம்பரைக்கூடக் காட்டுகிற சிசிடிவி கேமரா, இருட்டியதும் படம் முழுக்கப் புள்ளிபுள்ளியாக நெளிகிறது. வாசலுக்கு வந்து நிற்பவரின் முகமோ வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. கேமராவையே மாற்றும் முன், அது இரவில் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

வெளிச்சம் குறைந்ததும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பகலில் அகச்சிவப்பு ஒளியைத் தடுத்துவந்த ஃபில்டர் விலகும் சத்தம் அது. உடனே லென்ஸைச் சுற்றியுள்ள எல்.இ.டி.க்கள் எரியத் தொடங்கும். அவற்றின் ஒளி பெரும்பாலும் 850 நானோமீட்டர். நம் கண்ணுக்கு மங்கலான சிவப்பாக மட்டுமே தெரியும். படம் கறுப்பு வெள்ளைக்கு மாறுவது இதனால்தான்.

இந்த ஒளி தூரம் போகப் போக வேகமாக வலுவிழக்கும். 10 அடியில் நிற்பவர் மீது விழுவதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 30 அடியில் இருப்பவருக்குக் கிடைக்கும். கிடைத்த சொற்ப ஒளியைக் கேமரா மின்னணு முறையில் பெருக்கும்போது சென்சாரின் இரைச்சலும் சேர்ந்து பெருகுகிறது. அதுதான் அந்தப் புள்ளிகள். படத்தின் பெரும்பகுதி இருட்டாக இருப்பதால் கேமரா மொத்தப் படத்தையும் பிரகாசமாக்கப் பார்க்கும். அப்போது கிட்டே வருபவரின் முகம் வெளுத்துவிடுகிறது.

போர்டிகோ கூரையில் மாட்டிய டோம் கேமராவில் இன்னொரு தொல்லை உண்டு. படத்தில் பாதி, பனிமூட்டம் போல வெண்மையாக இருக்கும். கேட் விளக்கைப் போட்டுவிட்டு, மெனுவில் அகச்சிவப்பு விளக்கை மட்டும் அணைத்துப் பாருங்கள். மூட்டம் மறைந்தால், கேமராவின் ஒளியே திரும்பி அதன் லென்ஸுக்குள் விழுகிறது என்று பொருள். டோம் மூடியில் படிந்த விரல் ரேகை, தூசி, சிலந்தி வலை, பக்கத்துச் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பு எல்லாமே இதற்குக் காரணமாகலாம். பலரும் கவனிக்காத இடம், லென்ஸைச் சுற்றியிருக்கும் ரப்பர் அல்லது ஸ்பாஞ்ச் வளையம். அது மூடியோடு ஒட்டி அழுந்தாவிட்டால் ஒளி அந்த இடுக்கு வழியே உள்ளே கசியும். மூடியை ஈரமான மென்துணியால் துடைத்து, வளையம் அழுந்தும்படி மாட்டி, சுவர் படத்தில் வராதபடி கேமராவைத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதன் பிறகுதான் Exposure மெனு. Shutter தானியங்கியாக இருந்தால் இரவில் கேமரா அதை மெதுவாக்கிக்கொள்ளக்கூடும். நடந்து வருபவர் இழுபட்டு, ஆவிபோலத் தெரிவார். 1/50 என்று நிலைநிறுத்துங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகளின் மினுக்கலும் இதில் குறையும். படம் சற்று இருட்டும். அதற்காக Gain அளவைக் கூட்டினால் புள்ளிகள் மறுபடி வந்துவிடும். கேட்டருகே ஒரு பல்பு போடுவதே மேல். Smart IR வசதி இருந்தால் அதை இயக்கிவையுங்கள். ஆள் கிட்டே வரும்போது எல்.இ.டி.யின் பிரகாசத்தை அது குறைக்கும்.

வீட்டில் ஒருவரை கேட்டிலிருந்து வழக்கமான வேகத்தில் நடந்துவரச் சொல்லி, பதிவான காட்சியை நிறுத்திப் பாருங்கள். நேரலையில் தெளிவாகத் தெரியும் முகம் பதிவில் குழம்பியிருக்கலாம், ஏனென்றால் பதிவுக் கருவி காட்சியைச் சுருக்கும்போது புள்ளிகளோடு முகத்தின் நுணுக்கமும் கரைந்துபோகும். அப்படியே வெளுத்துப் பதிவான முகத்தை எந்த மென்பொருளாலும் பிறகு மீட்க முடியாது.