பழைய விளம்பரத்துக்குப் புது உயிர்

ஒரு காலத்தில் நன்றாக ஓடிய விளம்பரத்தை அடுத்த பருவத்துக்கு மறுபடி எடுக்கும்போது முதலில் தெரிய வேண்டியது, மக்கள் மனதில் அதில் எது தங்கியிருக்கிறது என்பதுதான். விளம்பரத்தைப் போட்டுக் காட்டாமல், பார்த்தவர்களிடம் கதையாகச் சொல்லச் சொன்னால் அது தெரிந்துவிடும். பலரும் சொல்லும் காட்சியைத் தொடக்கூடாது. யாருக்கும் நினைவில்லாத இடத்தில் கைவைக்கலாம்.

1994-இல் வந்த கேட்பரி டெய்ரி மில்க் கிரிக்கெட் விளம்பரம் பலருக்கும் நினைவிருக்கும். மட்டையாளர் தூக்கி அடித்த பந்து மேலே போகிறது. கேட்ச் பிடிக்க ஒருவர் காத்து நிற்கிறார். பார்வையாளர் வரிசையில் சாக்லேட்டோடு ஒரு பெண் பதறுகிறார். பந்து எல்லையைத் தாண்டியதும் காவலரை ஏய்த்து மைதானத்துக்குள் ஓடி, கூச்சமே இல்லாமல் ஆடுகிறார். அதை உருவாக்கிய ஓகில்வி நிறுவனமே 2021 செப்டம்பரில் மறுபடி எடுத்தது. பாட்டு, பந்து மேலே போகும் நொடிகள், காவலர், ஆட்டம் எல்லாம் அப்படியே இருந்தன. மாறியது ஒன்றுதான்: ஆடுகளத்தில் மட்டை பிடித்தவர் பெண், மைதானத்துக்குள் ஓடி வந்து ஆடியவர் ஆண்.

இந்த மாற்றத்தைக் காலமே கையில் கொடுத்தது. 2017 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்திய மகளிர் அணி 9 ரன்களில் தோற்றபோது நாடே பார்த்துக்கொண்டிருந்தது. 2021 ஆகஸ்ட்டில் முடிந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு, சிந்து, லவ்லினா மூவரும் பதக்கம் வென்றிருந்தார்கள். அதனால் வலிந்து நுழைத்த கருத்தாக அது தெரியவில்லை. கதையைத் தெரிந்தவர்கள் அடுத்து வருவதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, அங்கே வேறொருவர் வந்து நின்றார். பழைய நினைவு இருந்ததால்தான் புதியது அவ்வளவு ஆழமாகப் பதிந்தது. பழையதைப் பார்க்காத இளைஞருக்கும் கதை தனியாகவே புரிந்தது. இது மிக முக்கியம்.

பெரும்பாலான மறுபதிப்புகள் சலிப்பூட்டுவது எதையும் மாற்றாததால் அல்ல, மேலோட்டமாக மாற்றுவதால். பழைய கதையின் கடைசியில் ஒரு தீபாவளி வாழ்த்து, புது விலை, நடிகருக்குப் புதுச் சட்டை. இவற்றை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்கும் என்றால் புதுப்பித்ததாகச் சொல்ல முடியாது. கேட்பரி விளம்பரத்தில் அந்த இடமாற்றத்தை எடுத்துவிட்டால் 1994-இன் படம்தான் மிஞ்சும். மறுமுனையில், பாட்டையும் முடிவையும் சேர்த்து மாற்றினால் பழைய நினைவு துணைக்கு வராது. புது விளம்பரம் எடுக்கும் செலவுதான் ஆகும்.

ஸ்கிரிப்டில் கைவைக்கும் முன் பழைய ஒப்பந்தங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பாட்டுக்கும் நடிகர்களுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமை வாங்கியிருந்தால், மறுபடி பயன்படுத்தப் புதிதாக அனுமதி பெற்றாக வேண்டும்.