மணி அடித்த பிறகு லிஃப்ட் எங்கே போக வேண்டும்?

ஷாப்பிங் மாலின் கூரையில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒட்டியிருக்கிறதே, அதுதான் புகை டிடெக்டர். உள்ளே சின்ன இருட்டறை. அதில் ஓர் ஒளிக்கதிர் ஓடிக்கொண்டிருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறி, ஓரத்தில் இருக்கும் உணரியின் மேல் விழும். துணிக்கடைக்கு இது சரி. ஹோட்டல் சமையலறையில் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் மணி அடிக்கும். நான்காவது நாள் யாராவது அதைத் துண்டித்துவிடுவார்கள். அதனால் அங்கே வெப்ப டிடெக்டர். மூன்று மாடி உயரமுள்ள நடுக்கூடத்தில் புகை மேலே போவதற்குள் பரவி நீர்த்துவிடும் என்பதால், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை கதிர் பாய்ச்சும் பீம் டிடெக்டர்.

அடுத்து, கட்டடத்தை மண்டலங்களாகப் பிரிப்பார்கள். பிரிட்டிஷ் தரநிலையின்படி ஒரு மண்டலம் 2,000 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. பெரிய கட்டடத்தில் ஒரு மாடியை விட்டு இன்னொரு மாடிக்கும் போகக் கூடாது. காரணம் எளிது: பேனலில் விளக்கு எரிந்ததும் காவலாளி எந்த மாடிக்கு ஓடுவது என்று யோசித்து நிற்கக் கூடாது.

மணி அடிப்பதோடு வேலை முடிவதில்லை. அதற்குப் பிறகு நடக்க வேண்டியதெல்லாம் ஓர் அட்டவணையில் இருக்கும். இடப்பக்கம் கீழ்நோக்கி, எந்த மண்டலத்தில் எந்த டிடெக்டர். மேலே குறுக்காக, செய்ய வேண்டியவை. சேரும் கட்டத்தில் ஒரு குறி. 'காஸ் அண்ட் எஃபெக்ட்' என்பார்கள்.

இரண்டாம் மாடிச் சமையலறையில் வெப்ப டிடெக்டர் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரிசையில் விரலை ஓட்டினால்: கேஸ் வால்வு மூடும், அந்த மாடியின் ஏ.சி. காற்று நிற்கும், இல்லாவிட்டால் அதுவே புகையைக் கடை கடையாகக் கொண்டுபோகும். புகை வெளியேற்றும் விசிறி சுழலும். பாட்டு நின்று அறிவிப்பு ஒலிக்கும். மின்பூட்டுக் கதவுகள் திறந்துகொள்ளும். லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்தபடி நிற்கும்.

தரைத்தளத்திலேயே தீ என்றால்? அந்த வரிசையில் லிஃப்ட் முதல் மாடியில் நிற்க வேண்டும். மேல் வரிசையைப் பார்த்து அப்படியே குறி போட்டவர் ஆட்களை நேராக நெருப்புக்குள் இறக்கிவிடுவார். எனக்குத் தெரிந்து இந்த அட்டவணையில் மிக ஆபத்தான தப்பு இதுதான்.

ஒரே ஒரு புகை டிடெக்டர் மட்டும் இயங்கினால் சில வளாகங்களில் உடனே எல்லோரையும் வெளியேற்றுவதில்லை. காவலாளி போய்ப் பார்க்கச் சில நிமிடம் தருவார்கள். அதற்குள் இரண்டாவது டிடெக்டரும் இயங்கினாலோ, யாராவது கண்ணாடிப் பெட்டியை அழுத்தினாலோ முழு அபாய அறிவிப்புதான்.

காகிதத்தில் சரியாக இருப்பது கட்டடத்திலும் சரியாக இருக்கிறதா என்பதை ஒவ்வொரு கட்டமாகச் சோதித்துத்தான் அறிய முடியும்: டிடெக்டருக்குச் சோதனைப் புகை காட்டி, லிஃப்ட் எங்கே நின்றது என்று நேரில் பார்க்க வேண்டும். கடைக்காரர் நடுவே புதிதாகத் தடுப்புச்சுவர் எழுப்பினால் அந்தப் பகுதியை மறுபடி சோதிக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது தூசி போகாமலிருக்க டிடெக்டரின் மேல் பிளாஸ்டிக் மூடி மாட்டுவார்கள். சில கடைகளில் திறப்புவிழா முடிந்தும் அது கழற்றப்படாமல் கிடக்கும். அதற்குள் புகை போகாது. அடுத்த முறை மாலுக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள். மூடி தெரிந்தால் காவலாளியிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.