பத்திரத்தில் தீர்ப்பதா, நீதிமன்றத்தில் முடிப்பதா?

இனி இந்த இல்லறம் நடவாது என்று ஒரு பெண் தன் மனத்துக்குள் முடிவு செய்துவிட்ட பிறகும், அந்த முடிவை எந்த வழியாக நிறைவேற்றுவது என்ற ஒரே கேள்வியில் நம் குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகத் தேங்கி நின்றுவிடுகின்றன. சேர்ந்திருப்பதா, பிரிவதா என்பது அவளுடைய அந்தரங்க விஷயம்; அதில் வெளியார் உபதேசம் செய்யப் புகுவது தகாது. ஆனால் எப்படிப் பிரிவது என்பதை அவள் ஒருத்தி மட்டும் தீர்மானிப்பதில்லை. தலைநிமிர்ந்து நடந்து பழகிய தந்தை, தங்கையின் ஜாதகத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் தாய், திருவிழாவில் கூடிப் பேசும் பந்துக்கள், "மகள் இன்னும் ஊருக்குப் போகவில்லையா?" என்று வாசலில் நின்று விசாரிக்கும் அண்டை வீட்டார் ஆகிய இத்தனை பேரும் அதில் பங்கு கொள்கிறார்கள். இவர்கள் எல்லாருடைய அச்சமும் திரண்டு வந்து பெரும்பாலும் ஓர் இடத்தில்தான் முடிகிறது: கோர்ட்டுப் படி ஏற வேண்டாம், நாலு பெரியவர்களை வைத்துப் பேசி, பத்திரத்தில் எழுதித் தீர்த்துவிடுவோம்.

கௌரவத்தைக் காப்பாற்றும் என்று நம்பித் தேர்ந்தெடுக்கப்படும் இந்த வழி, கௌரவத்தையும் காப்பாற்றுவதில்லை, பெண்ணையும் காப்பாற்றுவதில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதற்கான காரணங்களை ஓர் உதாரணத்தின் மூலம் விளக்குவது எளிது.

கரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். விவாகமாகி ஆறு ஆண்டுகள். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. பிறந்த வீட்டில் போட்ட 40 பவுனில் 15 பவுன் கணவன் பெயரில் அடகில் இருக்கிறது. ஒன்றரை ஆண்டுகளாக அவள் குழந்தையுடன் கோயம்புத்தூரில் தங்கி ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு மட்டும், வேலைக்காகப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். இருதரப்புப் பெரியவர்களும் பெரிய மாமன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். மீதி 25 பவுனும் சீர்ப் பாத்திரங்களும் திரும்பி வரும், ரொக்கமாக இரண்டு லட்சம், குழந்தை தாயிடம், இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, இருவரும் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று முத்திரைத்தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, நால்வர் சாட்சி போட்டு, நோட்டரியின் முத்திரையும் வாங்கியாகிறது. தாலி கழற்றி வைக்கப்படுகிறது. அன்று மாலையே எல்லாம் முடிந்துவிட்டதென்று இரு குடும்பங்களும் நிம்மதி கொள்கின்றன.

உண்மையில் எதுவும் முடியவில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின்படி நடந்த விவாகத்தை நீதிமன்றத்தின் தீர்ப்பாணைதான் முறிக்க முடியும். சில சமூகங்களில் வழிவழியாக வந்த தீர்த்துவிடும் வழக்கத்தை அந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு ஏற்றுக்கொள்கிறது என்பது மெய். ஆனால் அத்தகைய வழக்கம் தம் சமூகத்தில் தொன்றுதொட்டு இடையறாமல் இருந்து வருவதை, அதைச் சொல்லிக்கொள்கிறவரே குறிப்பிட்டு வாதாடிச் சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நோட்டரியின் முத்திரை, கையெழுத்து இவர்களுடையதுதான் என்பதற்குச் சான்றாகுமேயொழிய விவாகத்தை முறிக்காது.

இதன் பலன் மூன்றாண்டு கழித்துத் தெரியவரும். அந்தப் பெண் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டால், முதல் விவாகம் சட்டத்தின் கண்ணில் உயிரோடிருப்பதால் இரண்டாவது செல்லாது. இருதார மணக் குற்றத்துக்கும் அவள் உள்ளாகக்கூடும். இரண்டாம் கணவன் இறந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்கோ வாரிசுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்கும்போது, முதல் விவாகத்தின் தீர்ப்பாணையைக் காட்டு என்று கேட்பார்கள். அவளிடம் காட்டுவதற்கு முத்திரைத்தாள் ஒன்றுதான் இருக்கும். அவள் மறுமணம் செய்யாமல், முதல் கணவன் மட்டும் செய்துகொண்டாலோ, மூன்று குடும்பங்கள் வழக்காட வேண்டிய நிலை வரும். எந்த ஊர் வாய்க்கு அஞ்சிப் பத்திரம் எழுதினார்களோ, அந்த ஊர் வாய் அப்போது இருமடங்கு பேசும். தவிர, குழந்தைக்காக இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று தாய் எழுதிக்கொடுத்தாலும், அது குழந்தையின் ஜீவனாம்ச உரிமையைப் பறிக்காது. இதை அறியாமல் அவள் வாய்மூடி இருந்துவிடுவதுதான் பரிதாபம்.

இனி, கோர்ட்டுக்குப் போனால் மானம் போய்விடும் என்ற பயத்தைப் பார்ப்போம். இந்தப் பயம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் மற்றவர்மேல் குற்றம் சாட்டித் தொடுக்கும் வழக்கில், கொடுமை, பிற தொடர்பு, கைவிட்டது என்று ஒவ்வொரு குற்றச்சாட்டையும் மனுவில் எழுதியாக வேண்டும். எதிர்த்தரப்பு அதற்குப் பதிலுரை என்ற பெயரில் பெண்ணின் நடத்தையைப் பற்றி எழுதக் கூசாது என்பதும் நாம் காணாததல்ல. ஆனால் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 13-பி என்ற பிரிவின்கீழ் இருவரும் பரஸ்பர சம்மதத்துடன் சேர்ந்து போடும் மனுவுக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. ஓராண்டாகத் தனித்து வாழ்கிறோம், சேர்ந்து வாழ இயலவில்லை, விவாகத்தைக் கலைத்துக்கொள்ள இருவரும் சம்மதிக்கிறோம் என்ற மூன்றும் போதும். யார்மேல் குற்றம் என்று ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. அதற்கும் மேலாக, இச்சட்டத்தின் 22-ஆவது பிரிவு, விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்றும், அதன் விவரங்களை எவரும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது என்றும் விதித்திருக்கிறது. பத்துப் பேர் முன்னிலையில் திண்ணையில் நடக்கும் பேச்சுக்கு இப்படி எந்தக் காவலும் கிடையாது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் அன்றிரவே தத்தம் வீட்டில் அதைச் சொல்லிவிடுவார்கள்.

ஊரின் கண்ணுக்கு அப்பால் இதைச் செய்வதற்கும் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. கரூரில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை; மனைவி மனுதாரரானால் தான் தற்போது வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று 2003-இல் திருத்தம் வந்துவிட்டது. நம் உதாரணப் பெண் கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தை நாடினால், அங்கே அவளை இன்னாருடைய மகள் என்று அறிந்தவர் எவரும் இருக்கப்போவதில்லை. தனித்து வாழ்வது என்பதும் வேறு வேறு வீட்டில் இருந்தால்தான் ஆகும் என்பதில்லை; ஒரே கூரையின்கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாதிருந்தால் அதுவும் தனித்து வாழ்தலே என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

மனு இரண்டு கட்டங்களாக நடக்கும். முதல் மனுவைத் தாக்கல் செய்த ஆறு மாதத்துக்குப் பிறகு, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிவு கழிந்து, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சமும் குழந்தையின் பொறுப்பும் உண்மையாகவே தீர்ந்திருந்தால், அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பாயிற்று. இடைக்காலத்தில் ஓர் ஆபத்து உண்டு. தீர்ப்பாணை பிறக்கும் வரை எவரும் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே, பணம் பிறகு வரும் என்ற வாய்மொழியை நம்பி இரண்டாம் கட்டக் கையெழுத்தைப் போட்டுவிடுவது விவேகமல்ல. முதல் மனுவின்போது ஒரு பகுதியும், இரண்டாம் முறை நீதிபதியின் முன்னிலையில் வங்கி வரைவோலையாக மீதியும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். நகைகளையும் அப்படியே, இன்ன ஆரம் இத்தனை பவுன், இன்ன வளையல் இத்தனை பவுன் என்று எடையுடன் அட்டவணையிட வேண்டும். அடகிலிருக்கும் 15 பவுனை இன்ன தேதிக்குள் மீட்டுத் தருவதாகவும் அதில் இருக்க வேண்டும். அவை அவளுடைய சீதனம். கணவன் வெறும் காப்பாளனே என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. திண்ணைப் பேச்சில் அவள் விட்டுக்கொடுத்ததாக எழுதப்படுவது பெரும்பாலும் இந்த நகைதான்.

ஆகையால், முதலில் பெரியவர்களைக் கூட்டுவது என்ற வரிசையையே மாற்ற வேண்டும் என்பேன். திருமண அழைப்பிதழ், புகைப்படங்கள், நகை வாங்கிய ரசீது, அடகுச் சீட்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தன் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு, இவை கைக்கு வந்த பிறகு ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது. அதன் பிறகு இருதரப்பிலும் ஒவ்வொருவரை மட்டும் நம்பிப் பேசுவது. பேசி முடித்ததை 13-பி மனுவாக்குவது. ஊருக்குச் சொல்வது கடைசி. பெரியவர்களின் மத்தியஸ்தத்தை நான் வெறுக்கவில்லை. கணவனைச் சம்மதத்துக்குக் கொண்டுவர அவர்களைப்போல் வல்லவர் இல்லை. அவர்கள் பேசித் தீர்ப்பது ஒப்பந்தமாக இருக்கட்டும். விவாகத்தை முடிப்பது நீதிமன்றமாக இருக்கட்டும். ஊர் கேட்கும்போது, "ஒத்துப்போகவில்லை, இருவருமாகப் பேசி முடித்துக்கொண்டோம்" என்ற ஒரே வாக்கியத்தைக் குடும்பத்தார் எல்லாரும் மாறாமல் சொன்னால் போதும். ஆளுக்கொரு காரணம் சொல்லும் வீட்டைப் பற்றித்தான் கதைகள் வளரும்.

அடியும் மிரட்டலும் உள்ள வீட்டுக்கு இந்த நிதானமான வரிசை பொருந்தாது. அங்கே சம்மதம் என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை. தங்கைக்கு வரன் அமையட்டும் என்று காத்திருப்பதும் அபாயம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், விவாகரத்துக் கேட்காமலேயே பாதுகாப்பு உத்தரவும், வசிப்பிட உத்தரவும், பண உதவியும் பெறலாம். மாவட்டந்தோறும் அதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கணவன் சம்மதிக்க மறுத்தால் வழக்குத் தொடுப்பதைத் தவிர வழியில்லை; ஆயினும் அத்தகைய வழக்குகளிலும் பல, சமரச மையத்தில் பேசிப் பேசி, இறுதியில் பரஸ்பர சம்மத மனுவாக மாறுவதுண்டு. அதை நினைவில் வைத்து, முதல் மனுவிலேயே தேவைக்குமேல் ஒரு கடுஞ்சொல்லையும் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தீர்ப்பாணை கிடைத்த மறுநாளே மறுமணப் பேச்சை எடுக்கவும் கூடாது. மேல்முறையீட்டுக்கு இடமுள்ள தீர்ப்பாணையானால் அதற்குரிய காலம் கழிய வேண்டும்.

செலவுக்கு எங்கே போவது என்று கலங்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, எந்தப் பெண்ணுக்கும் அவளுடைய வருமானம் எவ்வளவாயினும் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். பெரியவர்கள் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதன் நகலோடு அங்கே ஒருமுறை போய் வாருங்கள்.